உடையும் சாக்லேட், பறக்கும் கோகோ தூள்: விளம்பரப் படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கறுப்புப் பின்னணி. நடுவில் ஒரு டார்க் சாக்லேட் பார் இரண்டாக உடைந்து விலகுகிறது. மேல்பரப்பு பளபளக்கிறது, உடைந்த விளிம்பு கத்தி போல் இருக்கிறது, இடைவெளியிலிருந்து கோகோ தூள் புகை மாதிரி கிளம்புகிறது. இந்தப் படத்தைக் கேட்காத மிட்டாய்க் கம்பெனி இல்லை. எடுக்க உட்கார்ந்தால்தான் தெரியும், அந்த ஒரு கணம் கேமராவுக்கு முன்னால் நடப்பதே இல்லை என்பது.

கையால் உடைத்தால் கை படத்தில் வரும். கருவி வைத்து உடைத்தால் துண்டுகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று நம்மால் சொல்ல முடியாது. தூள் நன்றாகப் பறந்த படத்தில் விளிம்பு ஃபோகஸில் இருக்காது. விளிம்பு சரியாக வந்த படத்தில் தூள் வெறும் கறையாகக் கிடக்கும். அதனால் இந்த வேலையைச் செய்கிறவர்கள் மூன்றையும் தனித்தனியாக எடுக்கிறார்கள். முதலில் உடைத்துவிட்டு, உடைந்த துண்டுகளை அசையாமல் நிறுத்தி ஒரு படம். கேமராவை அசைக்காமல் தூளுக்குத் தனிப் படங்கள். சிதறல் துண்டுகளுக்கு இன்னும் சில. கடைசியில் கணினியில் ஒன்றுசேர்ப்பது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சாக்லேட் வாடிக்கையாளருடைய அதே சாக்லேட்டாக இருக்கும்வரை. அதை மட்டும் மாற்றாதீர்கள். விற்கிற பொருளைவிட நல்ல பொருளைப் படத்தில் காட்டுவது வேறு ரகத்துத் தப்பு.

கீழே சொல்வதெல்லாம் ஒரு குறிப்பிட்ட வேலையை மனதில் வைத்து: 70 சதவீத டார்க் சாக்லேட், 100 கிராம் பார், ஏறக்குறைய 15 செ.மீ. நீளம், கட்டம் கட்டமாக வார்த்தது. மில்க் சாக்லேட்டுக்கு எங்கே வேறுபடும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

சாக்லேட்டிலிருந்து தொடங்குங்கள், கேமராவிலிருந்து அல்ல

பளபளப்பும் 'டக்' என்று உடைவதும் ஒரே காரணத்தால் வருபவை. கோகோ வெண்ணெய் உறையும்போது ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடும். அதில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டியது. அது சுமார் 34 டிகிரியில் உருகும். அதனால்தான் நல்ல சாக்லேட் விரலில் சட்டென்று ஒட்டாமல் வாயில் கரைகிறது. மற்ற வகைகள் கலந்துவிட்டால் பரப்பு மங்கும், சாம்பல் நிறக் கோடுகள் ஓடும், உடைக்கும்போது முறியாமல் வளைந்து பிய்யும். அந்தச் சாக்லேட்டை எந்த லைட்டாலும் காப்பாற்ற முடியாது.

வாடிக்கையாளர் அனுப்பும் பார்கள் பெரும்பாலும் உறையோடு வரும். பிரித்துப் பார்த்தால் மேலெல்லாம் மெல்லிய கீறல்கள். லாரியில் குலுங்கி உறைக்குள் உராய்ந்த தடம் அது. கண்ணுக்குத் தெரியாது, பின்னாலிருந்து லைட் அடித்ததும் சிலந்தி வலை மாதிரி எழுந்து நிற்கும். ஆகவே முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்: உறை சுற்றாத, மோல்டிலிருந்து தட்டியெடுத்து நேராகத் தட்டில் அடுக்கிய பார்கள் வேண்டும், ஒன்றோடொன்று உரசாமல் இடையில் பட்டர் பேப்பர் வேண்டும், குறைந்தது 20 வேண்டும். ஒன்றுக்கு எதற்கு 20 என்று கேட்பார்கள். சீராக உடைவது ஐந்தில் ஒன்றுதான் என்று சொல்லிவிடுங்கள்.

அனுப்ப முடியாது என்றால், அதே சாக்லேட்டை உருக்கி நீங்களே வார்க்கலாம். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, மூன்றில் ஒரு பங்கு உருக்காத துருவலை அதில் போட்டுக் கிளறிக்கொண்டே 28 பக்கம் இறக்கி, பிறகு 31–32க்கு மெதுவாக ஏற்றினால் டெம்பரிங் முடிந்தது. மில்க் சாக்லேட்டுக்குக் கடைசி எண் 29–30. கத்தி நுனியைத் தோய்த்து வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் சீராக இறுகி மினுங்கினால் சரி, கோடு கோடாக வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. மோல்டு கெட்டியான பாலிகார்பனேட்டாக இருக்க வேண்டும். சாக்லேட்டின் பளபளப்பு என்பது அது தொட்டுக்கொண்டு உறைந்த பரப்பின் பளபளப்புதான். மோல்டில் ஒரு விரல் தடம் இருந்தால் 100 பாரிலும் அது அச்சாகும். பஞ்சால் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். சிலிகான் மோல்டு இந்த வேலைக்கு ஆகாது, அது மங்கலாகத்தான் தரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் காம்பவுண்ட் என்று விற்பதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். அதற்கு டெம்பரிங் வேண்டாம், வேலை சுலபம். ஆனால் உடைந்த முகம் மெழுகு மாதிரி வரும். வாடிக்கையாளருடைய பொருள் அதுவேயானால் சரி, இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

அறையின் ஈரப்பதம்

சென்னையிலோ தூத்துக்குடியிலோ இந்தப் படத்தை எடுக்கிறவருக்குப் பெரிய எதிரி வெயில் என்று தோன்றும். வெயிலை ஏ.சி. பார்த்துக்கொள்ளும். உண்மையான எதிரி காற்றில் உள்ள நீர்.

சாக்லேட் கூர்மையாக முறிய வேண்டுமானால் அது குளிர்ந்திருக்க வேண்டும். 28 டிகிரியில் வளையும், 20ல் நன்றாக உடையும், 15ல் இன்னும் சுத்தமாக உடையும். அதனால் ஃப்ரிட்ஜில் வைக்கத் தோன்றும். ஆனால் 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் வியர்வை கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாக்லேட்டில் ஒரு நிமிடத்தில் பனி படரும். அந்த நீர் சர்க்கரையைக் கரைத்து, காய்ந்தபிறகு வெள்ளைப் பொடியாக விட்டுப் போகும். துடைத்தால் போகாது, அந்த பார் அவ்வளவுதான்.

ஏ.சி. போட்டு அறையை 22 டிகிரிக்கும் 50 சதவீத ஈரப்பதத்துக்கும் கொண்டுவந்துவிட்டால், நீர் கட்டும் எல்லை 11 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது 15 டிகிரி சாக்லேட்டை வெளியே எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. வாங்கி மேஜையிலேயே வையுங்கள். பார்களைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துத்தான் குளிரூட்ட வேண்டும். சாதாரண ஃப்ரிட்ஜ் 4–5 டிகிரியில் இருப்பதால், டப்பாவை வெளியே எடுத்து மூடியைத் திறக்காமல் அரை மணி நேரமாவது விட்டுவிட்டுத் திறங்கள். இதில் அவசரப்படுகிற உதவியாளரை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவது நல்லது.

கையில் நைட்ரைல் கையுறை, அதுவும் விளிம்பை மட்டும் பிடித்து. ஹாலோஜன் மாடலிங் லேம்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். படம் எடுக்கும் ஃபிளாஷ் சுடாது, குறிபார்க்க எரிகிற அந்த பல்புதான் சுடும்.

உடைப்பது

எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகிற இடம் இது. எனக்குக் கேட்டால் படத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது.

சாக்லேட் பாரை வளைக்கும்போது ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும். விரிசல் எப்போதும் இழுபடும் பக்கத்தில் தொடங்கும். அந்தப் பக்கத்து விளிம்பு நேராக, கூராக இருக்கும். விரிசல் நசுங்கும் பக்கத்தை நெருங்கும்போது திசை திரும்பி, ஓரத்தில் ஒரு சின்ன உதடு மாதிரி வளைந்து முடியும். உடைந்த பீங்கான் தட்டிலும் கண்ணாடியிலும் இதே உதட்டைப் பார்க்கலாம். இப்போது நாம் வழக்கமாகச் சாக்லேட்டை எப்படி உடைக்கிறோம்? கட்டம் தெரியும் முகம் நம்மைப் பார்க்க, இரண்டு பக்கமும் பிடித்து, இரண்டு நுனியையும் நம் பக்கமாக மடக்கி உடைக்கிறோம். அதாவது அழகான முகம் நசுங்குகிறது, முதுகு இழுபடுகிறது. கூரான விளிம்பு பின்னால் போய்விடுகிறது, உதடு முன்னால் வந்துவிடுகிறது. படத்துக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்.

இன்னொன்று, கட்டங்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் உடைந்தால் விளிம்பு மெலிந்து போய்விடும். சாக்லேட்டின் கனம் தெரியாது. கட்டத்துக்குக் குறுக்கே உடைந்தால்தான் அந்த அடர்த்தியான முகம் கிடைக்கும். ஆனால் பள்ளம்தான் பலவீனமான இடம், விட்டால் அங்கேயேதான் உடையும்.

இரண்டுக்கும் ஒரே தீர்வு இருக்கிறது. ஒரே உயரமுள்ள இரண்டு மரக்கட்டைகளை 2.5 செ.மீ. இடைவெளி விட்டு இணையாக வையுங்கள். விளிம்பில் லென்ஸ் துடைக்கும் துணியைச் சுற்றுங்கள், கீறல் விழாமல் இருக்க. பாரின் முகம் கீழே பார்க்க, நீங்கள் உடைக்க நினைக்கும் கோடு இடைவெளியின் நடுவில் வரும்படி வையுங்கள். முதுகில் அந்தக் கோட்டின்மேல் ஒரு மொட்டைக் கத்தியின் முதுகையோ உருண்டையான பென்சில் கனமுள்ள கம்பியையோ வைத்து, மேலிருந்து மெதுவாக ஆனால் நிறுத்தாமல் அழுத்துங்கள். வளைவு முழுவதும் அந்த 2.5 செ.மீ.க்குள் அடங்கிவிடுவதால் தள்ளியிருக்கும் பள்ளங்களுக்கு வேலை இல்லை. முகம் இழுபடும் பக்கமாக இருப்பதால் கூரான விளிம்பு முகத்திலேயே விழும். கோடு இன்னும் நேராக வேண்டுமானால், பாரின் இரண்டு பக்கச் சுவரிலும், முகத்தை ஒட்டி, குளிர்ந்த பிளேடால் அரை மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு போடுங்கள். முகத்தின் குறுக்கே கீறாதீர்கள். அது படத்தில் ரம்பத்தால் அறுத்த மாதிரி தெரியும்.

அழுத்துவதற்கு முன் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்துவையுங்கள். சிதறி விழும் துண்டுகளை வீசாதீர்கள். அரிசி அளவு, பருப்பு அளவு, நகம் அளவு என்று பிரித்து ஒரு தட்டில் எடுத்துவையுங்கள். பறக்கும் சிதறலுக்கு இவைதான் நடிகர்கள். கத்தியால் வெட்டித் தயாரித்த துண்டு எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பொய்யாகத் தெரியும்.

உடைந்த முகத்தில் ஒட்டியிருக்கும் பொடியை உலர்ந்த மெல்லிய பிரஷால் கீழ்நோக்கி ஒரே திசையில் தட்டிவிடுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுமினுக்கும். சின்னக் கீறல்களை ஹேர் ட்ரையர் காற்றைத் தூரத்திலிருந்து காட்டி மறைப்பது பழக்கத்தில் உண்டு. பரப்பு லேசாக உருகி மூடிக்கொள்ளும். ஆனால் அப்படி உருகிய இடம் டெம்பர் இழந்துவிடுகிறது, அன்றைக்கே படம் எடுத்து முடித்தாக வேண்டும். முகத்தில் கட்டத்தின் கூர்மையான மூலைகளுக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், மூலை மழுங்கிவிடும்.

துண்டுகளை அந்தரத்தில் நிறுத்துவது

இரண்டு பாதிகளின் முதுகிலும் கம்பி செருக வேண்டும். 2 மி.மீ. கம்பியின் நுனியை வெந்நீரில் காட்டித் துடைத்துவிட்டு, முதுகில் 5 மி.மீ. ஆழத்துக்குச் செருகுங்கள். சுற்றிலும் ஒரு சொட்டு உருக்கிய சாக்லேட். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். ஹாட் க்ளூ வேண்டவே வேண்டாம், அதன் சூடு முன்பக்கம்வரை வந்து மங்கலாக ஒரு வட்டம் போட்டுவிடும்.

கம்பியின் மறுமுனையை கிளாம்பில் மாட்டி, பாதிகளை 2 செ.மீ. விலக்கி நிறுத்துங்கள். இரண்டும் ஒரே கோணத்தில் நின்றால் அசைவு தெரியாது. இடது பாதி லேசாக மேல்நோக்கி, வலது பாதி சற்று முறுக்கிக்கொண்டு, அதன் உடைந்த முகம் கேமராவைப் பார்க்க. எந்த அளவுக்கு என்றால், மனதுக்குள் இரண்டையும் சேர்த்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று தோன்ற வேண்டும். அதற்கு மேல் திருப்பினால் இரண்டு வேறு பார்கள் மாதிரி ஆகிவிடும்.

பளபளப்புக்கு வெளிச்சம்

டார்க் சாக்லேட்டுக்குத் தனக்கென்று அதிக வெளிச்சம் இல்லை; விழுவதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நாம் பளபளப்பு என்று பார்ப்பது அதன் பரப்பில் தெரியும் லைட்டின் பிம்பத்தை. ஆக நீங்கள் சாக்லேட்டுக்கு வெளிச்சம் போடவில்லை, சாக்லேட் எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கிறீர்கள். கேமராவிலிருந்து பார்த்தால் சாக்லேட்டின் முகத்தில் எந்த இடம் பிரதிபலிக்கிறதோ அந்த இடத்தில் லைட் இருக்க வேண்டும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: சாக்லேட் இருக்கும் அதே சாய்வில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, கேமரா வழியாகப் பாருங்கள். கண்ணாடியில் எது தெரிகிறதோ, அங்கேதான் உங்கள் லைட்டின் இடம். இந்த மாதிரி அமைப்பில் அது பெரும்பாலும் சாக்லேட்டுக்கு மேலே, சற்றுப் பின்னால் வரும்.

அங்கே சாஃப்ட்பாக்ஸை நேராகத் தொங்கவிட்டால் முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறத்தில் தட்டையாகிவிடும், பிளாஸ்டிக் மாதிரி. வேண்டியது ஒரு ஓரத்தில் பிரகாசமாகத் தொடங்கி மறு ஓரத்தில் இருட்டில் கரைகிற வெளிச்சம். அதற்கு ஒரு சட்டத்தில் 60 x 90 செ.மீ. ட்ரேசிங் பேப்பரை இழுத்துக் கட்டி அந்த இடத்தில் வையுங்கள். அதன் பின்னால், ஒரு ஓரத்துக்குப் பக்கமாக, ஃபிளாஷை 20–30 செ.மீ. தூரத்தில் வையுங்கள். தாளில் அந்த ஓரம் வெளுத்து, தள்ளிப்போகப் போக மங்கும். அந்த மங்கல்தான் அப்படியே சாக்லேட்டில் வழியும். ஃபிளாஷைத் தாளுக்குக் கிட்டே கொண்டுபோனால் மங்கல் வேகமாகும், தள்ளினால் பரவும். முழு நாளில் அரை நாள் இதை நகர்த்திக்கொண்டே இருந்தாலும் தவறில்லை.

விளிம்பு கூராகத் தெரிவதற்கு ஃபோகஸ் மட்டும் போதாது. முகமும் உடைந்த பக்கமும் வேறு வேறு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அவை சந்திக்கும் கோடுதான் விளிம்பு. முகம் பிரகாசம், உடைந்த பக்கம் இரண்டு ஸ்டாப் இருட்டு என்று தொடங்குங்கள். உடைந்த முகம் சொரசொரப்பானது, பளபளக்காது, அதனால் பக்கவாட்டிலிருந்து ஒரு சிகரெட் பெட்டி அளவு வெள்ளை அட்டையைக் காட்டினால் அதன் மேடு பள்ளம் எழுந்து வரும். அட்டை பெரிதானால் அந்தச் சொரசொரப்பு காணாமல் போகும். கட்டங்களின் ஓரச் சரிவுகளில் தேவையில்லாத வெள்ளைப் பொட்டுகள் வந்தால் கறுப்பு அட்டையால் மறையுங்கள். லென்ஸில் போலரைசர் மாட்ட வேண்டாம். நீங்கள் அரை நாள் உட்கார்ந்து கட்டிய பளபளப்பை அது ஒரே திருப்பில் தின்றுவிடும்.

100 மி.மீ. மேக்ரோ, f/11, ISO 100, ஷட்டர் 1/160. சாக்லேட் சாய்ந்து நிற்பதால் f/11 வைத்தாலும் முழுவதும் ஃபோகஸில் வராது. f/22க்குப் போனால் எல்லாம் வரும், ஆனால் மொத்தமாகவே மென்மையாகிவிடும். ஆகவே கேமராவை அசைக்காமல், ஃபோகஸை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்துவிடுங்கள். இதோடு முதல் பகுதி முடிந்தது. அடுத்து முக்கியமான ஒன்று: கேமரா, முக்காலி, இப்போது வைத்த லைட், எதையும் இனி தொடக் கூடாது. தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.

தூள்

கோகோ தூளில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று கொழுப்பு: 10–12 சதவீதம் உள்ளதும் கிடைக்கிறது, 20–22 சதவீதம் உள்ளதும் கிடைக்கிறது. சாப்பிட இரண்டாவது நல்லது, பறக்க முதலாவது. கொழுப்பு கூடினால் தூள் கட்டி கட்டியாக விழும். இரண்டாவது நிறம். காரம் சேர்த்துப் பதப்படுத்திய டச்சு வகை கறுத்திருக்கும். கறுப்புப் பின்னணியில் அது காணாமல் போகும். பதப்படுத்தாத இயற்கைத் தூள் வெளிர் செம்பழுப்பு, படத்தில் அதுதான் எடுபடும். தூளைத் தட்டில் பரப்பி ஏ.சி. அறையில் சில மணி நேரம் உலரவிட்டு, டீ வடிகட்டியில் இரண்டு முறை சலித்துக்கொள்ளுங்கள்.

நல்ல பாதிகளைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே இடத்தில் உடைந்த வேறு இரண்டு பாதிகளை மாட்டுங்கள். தூள் எதன்மேலாவது மோதித் திரும்ப வேண்டும். வெற்றிடத்தில் பறக்கவிட்ட தூள் அந்தப் படத்தோடு ஒட்டவே ஒட்டாது. லென்ஸ் துடைக்கும் ரப்பர் ப்ளோயரின் மூக்கில் ஒரு முழம் மெல்லிய குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையில் அரை டீஸ்பூன் தூளை நிரப்பி, அந்த முனையை இரண்டு பாதிகளுக்கும் பின்னால், இடைவெளிக்கு நேராகக் கட்டுங்கள். ப்ளோயரை ஒருமுறை சுருக்கென்று அமுக்கினால் தூள் இடைவெளி வழியாக வெடித்துக் கிளம்பும். இது ஒரு ரகம். மேலே வடிகட்டியைத் தட்டி விழவைக்கும் மெல்லிய திரை இன்னொரு ரகம். இரண்டையும் எடுத்துவையுங்கள், சேர்க்கும்போது தேவைப்படும்.

தூளுக்கு முன்பக்க வெளிச்சம் விழக்கூடாது. பின்னாலிருந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபிளாஷ், லென்ஸுக்குள் நேராக அடிக்காமல் கறுப்பு அட்டையால் மறைத்து. துகள்கள் பின்வெளிச்சத்தில்தான் எரியும்.

இப்போது உறையவைக்கும் கணக்கு. படத்தின் அகலம் 18 செ.மீ., கேமராவில் குறுக்கே 6000 பிக்சல் என்று வையுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 33 பிக்சல். தூள் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், 1/1000 நொடியில் அது 2 மி.மீ. நகர்ந்துவிடும், அதாவது 66 பிக்சல் நீளக் கோடு. 1/10000 நொடியில் 7 பிக்சல், 1/20000ல் மூன்று. அந்த மூன்றுதான் நமக்கு வேண்டும். ஷட்டரால் இதைச் செய்ய முடியாது, ஃபிளாஷ் எரியும் நேரம்தான் செய்யும். கேமராமேல் மாட்டும் சாதாரண ஸ்பீட்லைட் முழு சக்தியில் கிட்டத்தட்ட 1/1000 நொடி எரியும். 1/32க்கு இறக்கினால் 1/15000 பக்கம் வரும், 1/64ல் இன்னும் குறுகும். கையேட்டில் அச்சிடும் எண் வெளிச்சம் பாதியாகக் குறையும்வரைதான் கணக்கு. அதன் வாலும் படத்தில் விழும் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே இறக்கிவையுங்கள். பெரிய ஸ்டுடியோ ஃபிளாஷ்களில் பழைய ரகங்கள் இதற்கு நேர்மாறு: சக்தியைக் குறைத்தால் அவை அதிக நேரம் எரியும். வாடகைக்கு எடுக்கும்போது இதைக் கேட்டுவிடுங்கள். ஹை ஸ்பீட் சிங்க்கைப் போடாதீர்கள், பேர்தான் அப்படி. அது ஃபிளாஷை நீட்டி எரியவைக்கிறது.

சக்தியைக் குறைத்ததால் வெளிச்சம் போதாது. தூளுக்கு வைத்த பின்பக்க ஃபிளாஷ்களைக் கிட்டே கொண்டுவாருங்கள், ISO 400 வரை ஏற்றுங்கள், f/11ஐ மட்டும் மாற்றாதீர்கள். பிறகு ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அது முழுக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது மங்கலாகத் தெரிந்தால் அறை விளக்கு தூளுக்குப் பின்னால் புகை மாதிரி ஒரு வாலை ஒட்டிவிடும்.

நாற்பது ஐம்பது முறையாவது ஊத வேண்டியிருக்கும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், கேமராவை பிளாஸ்டிக் உறையில் போர்த்துங்கள், அந்த அறையில் லென்ஸ் மாற்றாதீர்கள். அடுப்பு, மெழுகுவத்தி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. காற்றில் நிறைந்த கோகோ தூள் தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

சிதறல் துண்டுகளுக்கு அதே வெளிச்சம், ஆனால் பறக்கவிட வேண்டாம். ஒவ்வொன்றையும் ஊசி முனையில் குத்தி, படத்தில் வரப்போகும் இடத்திலேயே நிறுத்தி, நிதானமாக எடுங்கள். ஐந்தாறு பெரிய துண்டு போதும். ஒன்றிரண்டை வேண்டுமென்றே ஃபோகஸுக்கு வெளியே, கேமராவுக்குக் கிட்டே வைத்து எடுத்தால் ஆழம் வரும்.

ஒன்றுசேர்ப்பது

ஃபோட்டோஷாப்பில் முதலில் ஃபோகஸ் நகர்த்தி எடுத்த படங்களை `Auto-Blend Layers` கொண்டு ஒன்றாக்குங்கள். உடைந்த விளிம்பை 200 சதவீதத்தில் பாருங்கள். அந்த இடத்தில்தான் இந்தக் கருவி தடுமாறி இரட்டைக் கோடு போடும். போட்டிருந்தால் அந்தப் பகுதியை ஒரே படத்திலிருந்து எடுத்து ஒட்டுங்கள். கம்பியையும் இப்போதே அழித்துவிடுங்கள்.

தூள் படங்களை மேலே வைத்து லேயரை `Screen` ஆக்குங்கள். கறுப்பு மறைந்து தூள் மட்டும் நிற்கும். பின்னணி முழுக் கறுப்பு இல்லையென்றால் படமெல்லாம் வெளிறும், அதனால் முதலில் `Levels`இல் கறுப்பு முனையைச் சற்று உள்ளே இழுங்கள். அதிகம் இழுத்தால் மெல்லிய புகை போய் மணல் மாதிரித் துகள் மட்டும் மிஞ்சும். தூள் படத்தில் உள்ள மாற்று பார் தெரியாமல் அந்த இடத்தை மாஸ்க் போட்டு மறையுங்கள், ஆனால் விளிம்பை ஒட்டி வழியும் தூளை விட்டுவையுங்கள். கொஞ்சம் தூள் பாருக்குப் பின்னால், கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். எல்லாம் முன்னால் இருந்தால் கண்ணாடியில் ஒட்டிய தூசியாகத் தெரியும்.

`Screen` முறையில் ஒரு குறை உண்டு. அது தூளைப் பிரகாசமாக்கும், பழுப்பாக்காது. அடர்த்தியான இடங்கள் சாம்பலாக, சிமென்ட் மாதிரி போகும். `Curves`இல் நீலத்தை இறக்கிச் சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினால் கோகோ திரும்பி வரும். பளபளப்பான முகத்தின் மேல் தூளை அதிகம் போடாதீர்கள். முகமும் பிரகாசம், தூளும் பிரகாசம் என்றால் இரண்டும் சேர்ந்து கலங்கிவிடும். தூளின் இடம் இடைவெளியும் அதன் பின்னால் உள்ள இருட்டும்தான்.

கூர்மை ஏற்றும்போது கறுப்புப் பின்னணியை ஒட்டிய விளிம்பில் வெள்ளைக் கோடு எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் கத்தரித்து ஒட்டிய படம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சரியாக உடைத்து, சரியாக லைட் போட்டிருந்தால் கூர்மை ஏற்றவே பெரிதாக வேலை இருக்காது.

கடைசியாக ஒரு சோதனை, குறிப்பாக அச்சுக்குப் போகிற வேலையானால். கறுப்புப் பின்னணியில் கரும்பழுப்பு சாக்லேட். திரையில் பிரிந்து தெரியும் நிழல்கள் தாளில் மை பரவி ஒன்றாகிவிடும். பாரின் கீழ்விளிம்பு பின்னணியோடு கலந்து காணாமல் போவது இதில்தான். அச்சகத்திடம் அவர்கள் பயன்படுத்தும் தாளுக்கான கலர் ப்ரொஃபைலை வாங்கி `Proof Colors` போட்டுப் பாருங்கள். கீழ்விளிம்பு மறைந்தால் சாக்லேட்டை வெளுக்க வேண்டாம். பின்னணியில் பாருக்கு நேர் பின்னால் மட்டும் ஒரு மெல்லிய பழுப்புத் திட்டை ஏற்றுங்கள், விளிம்பு தானாகப் பிரிந்து நிற்கும்.